குடும்பப் படத்தில், சுவரில் தொங்கும் அப்பப்பாவின் படத்துக்கு மாலை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனைப் பக்கம் ஸ்டூடியோ ஒன்றில் படம் திருத்துவதுதான் என் வேலை. கல்யாணம், சாமத்தியம், குடிபூரல் முடிந்து இரண்டு மூன்று கிழமையில் இந்த வேலை தேடி வரும். எல்லாரும் வரிசையாக நிற்கும் படத்தில் பின்சுவரில் அப்பப்பாவின் படம் மாலையில்லாமல் தொங்கும். படத்தைப் பெரிதாக்கிப் பிரேம் போடும் நேரத்தில்தான் அது ஆருடையாவது கண்ணில் படும். கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றாலும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான்.

"இன்டர்நெட்டில் மாலைப் படம் எவ்வளவோ கிடக்குதே, ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டால் போதாதா?"

ஒட்டலாம், ஆனால் ஒட்டினது என்று தெரியும். அதற்கு முதற்காரணம் பூவின் அளவு.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல். அதில் பின்சுவரில் இருக்கும் சட்டத்தின் உயரம் 400 பிக்சல் என்று வைப்போம். உண்மையில் அந்தச் சட்டம் 18 அங்குலம் என்றால் ஓர் அங்குலத்துக்கு 22 பிக்சல் வரும். மல்லிகை மொட்டு அரை அங்குலம், ஆகவே 11 பிக்சல். நந்தியாவட்டைப் பூ ஒன்றரை அங்குலம், அது 33 பிக்சல். இறக்கிய மாலையைச் சட்டத்துக்குப் பொருந்துமாறு இழுத்து வைத்தால் மல்லிகை மொட்டு 30 பிக்சலுக்கு வந்து நிற்கும். அப்படியென்றால் சுவரில் தொங்குவது எலுமிச்சம்பழம் பருமன் மொட்டு. பார்க்கிறவருக்குப் பிழை எங்கே என்று சொல்லத் தெரியாது, "என்னவோ பொம்மை மாலை மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

அதனால் மாலையைச் சட்டத்தின் அகலத்துக்கு அளக்காதீர்கள், பூவுக்கு அளவெடுங்கள். பூ சரியான பருமனுக்கு வந்த பிறகு மாலை நீளமாக இருந்தால் நடுவில் ஒரு துண்டை வெட்டி இணையுங்கள், கட்டையாக இருந்தால் நடுத் துண்டு ஒன்றைப் பிரதி எடுத்துச் சேருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்னணி இல்லாத படம் என்று நினைத்து இறக்குவீர்கள். திறந்து பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமான சதுரக் கட்டங்கள் படத்தோடேயே ஒட்டியிருக்கும். அதை வெட்டி எடுக்கும் நேரத்தில் முற்றத்து நந்தியாவட்டையைப் பறித்து மாலையே கட்டிவிடலாம்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

சட்டம் இன்னும் அதே சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு உண்மையாகவே ஒரு மாலையைப் போட்டு, அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். ஆட்களைத் திரும்பக் கூட்ட வேண்டியதில்லை. சுவரும் சட்டமும் மாலையும் போதும். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான், கொம்பியூட்டரைப் பற்றிக் கதைப்பது அதற்குப் பிறகு.

களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டுக்கு இப்படிச் செய்தோம். மகளின் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்போது கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்த துணி மாலையைத் திரும்பப் போட மறந்துபோனார்கள். கல்யாணத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் 14 பேராக நின்று படம் எடுத்தார்கள். மூத்தவர் கனடாவுக்குத் திரும்பிப் போன பிறகுதான் அப்பம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஒரு பூக்கூட வைக்கலியே மனே" என்றாவாம்.

அந்தப் படத்தில் வெளிச்சம் இடப்பக்க வாசலால் வந்திருந்தது. பிளாஷ் அடிக்கவில்லை. போனில் எடுத்த நேரம் பதிவாகியிருந்தது, பின்னேரம் 4.30. அதே நேரத்துக்கு வாசலைத் திறந்து வைத்து, ரியூப் லைட்டை முன்புபோலவே அணைத்துவிட்டு எடுக்கச் சொன்னேன்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய படத்தில், சுவருக்கு முன்னால் தொங்கும் ஒரு பொருள் சுவரில் எதற்கு நேரே வருகிறது என்று பாருங்கள். அந்த வீட்டில் மின்விசிறியின் தண்டு கலண்டரின் வலது ஓரத்துக்கு நேரே வந்தது. போனைப் பிடித்துக்கொண்டு இடம் வலமாக நகர்ந்து, தண்டும் கலண்டர் ஓரமும் அதேபோல ஒன்றின்மேல் ஒன்று வரும்போது நின்றால் பக்கம் சரி. பிறகு முன்னே பின்னே நகர்ந்து, சட்டம் திரையில் ஏறக்குறைய அதே அளவுக்கு வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். போனை நெஞ்சு உயரத்தில் பிடித்தாரா, கண்ணுக்கு நேரே பிடித்தாரா என்று எடுத்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள். ஸூம் பண்ணக் கூடாது. முன்பு 1x இல் எடுத்திருந்தால் இப்போதும் 1x.

ஒரு சாண் அங்கே இங்கே விலகினாலும் பரவாயில்லை, அதைப் பிறகு இழுத்துச் சரிசெய்யலாம். வெளிச்சம் மாறினால்தான் தலையிடி.

"அந்த இரண்டு படத்தையும் எப்படிச் சேர்க்கிறது?"

போட்டோஷொப்பில் குடும்பப் படத்தைத் திறந்து, புதிதாக எடுத்ததில் சட்டமும் அதைச் சுற்றி ஒரு சாண் சுவரும் வருமாறு வெட்டி மேலே ஒரு லேயராக வையுங்கள். லேயரின் `Opacity` ஐ 50 ஆக்கினால் இரண்டு சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று தெரியும். பிறகு `Edit > Transform > Distort` போய் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே உள்ள சட்டத்தின் மூலைகளில் பொருத்துங்கள். கண்ணாடியின் மூலையைப் பிடிக்காமல் மரச் சட்டத்தின் வெளி மூலையைப் பிடித்தால் வடிவாகத் தெரியும்.

பொருந்தியதும் `Opacity` ஐ 100க்குக் கொண்டுவந்து, அந்த லேயருக்கு முழுக் கறுப்பு மாஸ்க் ஒன்று போடுங்கள். மாலை லேயர் முழுக்க மறைந்துவிடும். இனி வெள்ளைத் தூரிகையால் மாலையையும் அதன் நிழலையும் மட்டும் தடவி வெளியே கொண்டுவர வேண்டும். நிழலையும் உண்மையில் எடுத்திருக்கிறோம் என்பதுதான் இதில் பெரிய இலாபம். நாமாக நிழல் வரைவதைவிட நூறு மடங்கு நல்லது அது. தூரிகையின் ஓரம் மென்மையாக இருக்கட்டும். பூவின் ஓரத்தை மயிரிழையாக வெட்ட வேண்டிய தேவையே இல்லை. அதைச் சுற்றி உள்ளதும் அதே சுவர், அதே கண்ணாடி.

களுவாஞ்சிகுடிப் படத்தில் ஒரு சிக்கல். சின்ன மாமா உயரமானவர், அவருடைய தலை சட்டத்தின் வலது கீழ் மூலையை மறைத்துக்கொண்டு நின்றது. மாலையின் நுனி அவருடைய தலைக்குப் பின்னால் போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தூரிகையை 2 பிக்சலுக்குச் சிறிதாக்கி, தலைமயிரின் ஓரத்தை மாஸ்க்கில் கறுப்பால் திரும்ப எடுத்தேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி பூ எட்டிப் பார்த்தால் மாமாவின் தலையில் பூச் சூடிய மாதிரி இருக்கும். முழு வேலைக்கும் ஒரு மணித்தியாலம் என்றால், அதில் பாதி நேரம் மாமாவின் தலைக்குப் போனது.

"எங்கட வீட்டைக் கொடுத்திட்டம், அந்தச் சட்டமும் இப்ப இல்லை. வேறு வழி இருக்கா?"

இருக்கிறது, வேலை கொஞ்சம் கூட. மாலையைத் தனியாக எடுக்க வேண்டும். சட்டத்தின் அகலம் 15 அங்குலம் என்றால் 15 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து மாலையைத் தொங்கவிடுங்கள். மாலையை மேசையில் பரப்பி எடுக்காதீர்கள். கிடக்கும் மாலைக்கும் தொங்கும் மாலைக்கும் வளைவு வேறு. தொங்கும்போது பூவெல்லாம் கீழ்ப்பாரத்தில் நெருங்கி, அடிப்பக்கம் கனத்து வரும். `Warp` வைத்து வளைத்து அந்தப் பாரத்தைக் கொண்டுவர ஏலாது.

வெள்ளைப் பூவென்றால் பின்னால் கடும் சாம்பல் துணி கட்டுங்கள். சிவப்புச் சாறி, பச்சைத் துணி எதுவும் வேண்டாம், அதன் நிறம் பூவின் ஓரத்தில் ஏறிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று 2x இல் எடுங்கள். கிட்ட நின்று எடுத்தால் நடுப்பூக்கள் வீங்கித் தெரியும். குடும்பப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ, மாலைக்கும் அதே பக்கத்தில் ஒரு யன்னல் இருக்க வேண்டும். படத்தை இடம் வலம் திருப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். திருப்பலாம்தான், மாலையில் எழுத்து எதுவும் இல்லையே. ஆனால் மேலிருந்து வந்த வெளிச்சத்தைப் பக்க வெளிச்சமாக்க முடியாது.

"நிழலை எப்படிப் போடுறது? நான் போட்டால் மாலை மிதக்கிற மாதிரி வருது."

எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதற்குச் சட்டத்தின் நிழலே சாட்சி. பின்சுவரில் சட்டத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஓரம் கூர்மையா மங்கலா என்று முதலில் பாருங்கள். பிளாஷ் அடித்த படமென்றால் நிழல் ஒட்டினாற்போல, கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். வாசல் வெளிச்சமென்றால் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கும்.

மாலை மிதப்பதற்குக் காரணம், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் நிழலைத் தள்ளி வைப்பது. நம்முடைய வீடுகளில் பெரியவர்களின் படத்தை உயரத்தில், ஆணியில் கயிறு போட்டு, முன்னுக்குச் சாய்த்துத் தொங்கவிடுவோம். சட்டத்தின் மேற்பக்கம் சுவரைவிட்டு இரண்டு அங்குலம்வரை வெளியே நிற்கும், கீழ்ப்பக்கம் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். மாலையோ மேல் மூலைகளிலிருந்து நேர் கீழே தொங்கும், சட்டத்தோடு சேர்ந்து சாயாது. ஆகவே மேலே மாலை சட்டத்தோடு ஒட்டியிருக்கும். கீழே போகப்போகக் கண்ணாடியைவிட்டு விலகி, அடியில் இரண்டு அங்குலம் இடைவெளி வந்துவிடும்.

இந்த இடைவெளிதான் நிழலைத் தள்ளுகிறது. வெளிச்சம் 45 பாகையில் பக்கத்திலிருந்து வந்தால், இடைவெளி எவ்வளவோ நிழலும் அவ்வளவு தள்ளி விழும். மேலே சொன்ன அளவில் இரண்டு அங்குலம் என்றால் 44 பிக்சல். மேல் மூலையில் 8, 10 பிக்சலே போதும். அதனால் மாலை லேயரைப் பிரதி எடுத்துக் கறுப்பு நிரப்பி மாலைக்குக் கீழே வையுங்கள். `Multiply` ஆக்கி `Opacity` ஐ 35 அளவில் வைத்து, `Distort` ஆல் மேல் மூலைகளைக் குறைவாகவும் கீழ் மூலைகளை அதிகமாகவும் தள்ளுங்கள். `Gaussian Blur` உம் அப்படியே: மேலே 3, அடியில் 10. ஒரே லேயரில் இரண்டு அளவு வராது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை 3இலும் மற்றதை 10இலும் மங்கலாக்கி, மாஸ்க்கில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்பு வெள்ளை `Gradient` இழுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரையவிடுங்கள்.

சுவரில் சாயாமல் ஒட்டியிருக்கும் சட்டமென்றால் இதெல்லாம் தேவையில்லை, நிழல் மேலும் கீழும் ஒன்றுதான். சாய்ந்ததா என்று படத்திலேயே தெரியும். சட்டத்தின் பக்க நிழலைப் பாருங்கள், மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சாய்ந்தது.

"மல்லிகை வெள்ளைதானே, ஆனால் வைத்தால் பளிச்சென்று லைட் எரியிற மாதிரி இருக்கு."

அந்த அறையில் வெள்ளை என்ன நிறம் என்று பாருங்கள். படத்தில் யாராவது வேட்டி கட்டியிருப்பார்கள். அதில் வெளிச்சம் படும் இடத்தை `Eyedropper` ஆல் தொட்டால் 255 வராது, 215, 208, 190 மாதிரி ஏதாவது வரும். அதுதான் அந்த அறையின் வெள்ளை. மாலையின் மிகப் பிரகாசமான பூவும் அதைத் தாண்டக் கூடாது. `Curves` இல் மேல் முனையைக் கீழே இறக்கினால் சரி. சுவர் வேட்டியைவிடப் பின்னால், வாசலுக்குத் தூரத்தில் இருந்தால் இன்னும் ஒரு சொட்டுக் குறையுங்கள்.

பிறகு கூர்மை. போன் முன்னால் நிற்கும் முகங்களில் போக்கஸ் பண்ணியிருக்கும், பின்சுவர் சற்று மங்கலாக இருக்கும். மாலையும் அவ்வளவு மங்க வேண்டும். `Gaussian Blur` 1 பிக்சல் அநேகமாகப் போதும். இரவில் எடுத்த படமென்றால் சுவரில் புள்ளி புள்ளியாக இருக்கும். `Add Noise` இல் 1 அல்லது 2 வீதம் மாலைக்கும் போடுங்கள்.

கண்ணாடியில் யன்னலின் ஒளி பட்டுப் பளபளக்கும் இடத்தில் மாலை வந்தால் பூ அந்தப் பளபளப்பை மறைக்க வேண்டும், பளபளப்பு பூவின் மேல் வரக் கூடாது. மாலை கண்ணாடிக்கு வெளியே தொங்குவதாயிற்றே. இதைத் தலைகீழாகச் செய்து, மாலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்த படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"சுவரில் இரண்டு மூன்று பேரின் படம் இருக்கு. எல்லாத்துக்கும் போட்டு விடுங்களன்?"

யார் இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்காமல் நான் இப்போது ஒன்றுக்கும் கை வைப்பதில்லை.

வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு வீட்டுப் படம் வந்தது. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள், இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே வெள்ளைச் சேட். "பெரியப்பாவுக்கு ஒரு மாலை" என்று துண்டில் எழுதியிருந்தது. நான் வயது கூடினவராகத் தெரிந்தவருக்குப் போட்டேன். வாங்க வந்தவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தவரைக் கையால் காட்டினார். நான் மாலை போட்டவர் அங்கே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறந்தவர் இளையவர்.

அன்றிலிருந்து படத்தைப் போனில் திரும்ப அனுப்பி, மாலை போட வேண்டிய சட்டத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் தரச் சொல்கிறேன். "இடப்பக்கம்" என்று வாயால் சொல்வதை நம்புவதில்லை. யாருடைய இடப்பக்கம் என்பதில் குழப்பம் வரும்.

"சட்டத்தில் அப்பப்பாவும் அப்பம்மாவும் சேர்ந்துதான் இருக்கினம். அப்பம்மா இருக்கிறா. என்ன செய்யலாம்?"

அந்தச் சட்டத்துக்கு மாலை போடாதீர்கள். இருவருக்கும் நடுவே ஒருவர் பக்கம் மட்டும் தொங்கவிடலாமே என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தின் ஒரு பாதியில் மாலை தொங்கினால் பார்க்கிறவரின் கண் முதலில் அந்தக் கோணலுக்குத்தான் போகும், அப்பம்மாவுக்கும் மனசு சுகப்படாது.

இப்படி வந்தால் நான் செய்வது, 31 ஆம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் வந்த அப்பப்பாவின் தனிப்படத்தை வாங்கி, குடும்பப் படத்தில் அந்தச் சட்டத்துக்குள் வைப்பது, பிறகு அதற்கு மாலை. கல்வெட்டு அச்சை ஸ்கேன் பண்ணினால் புள்ளிகள் வரும், அச்சகத்துக்குக் கொடுத்த மூலப்படத்தையே கேளுங்கள். ஆனால் சோடிப்படம் அப்பம்மாவின் கல்யாணப் படமாக இருந்தால் அதை எடுப்பதற்கு முன் அவவிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அப்பம்மா, "ஒண்டும் வேணாம், நாங்க ரெண்டு பேரும் அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி, மாலையே போடாமல் படத்தைக் கொண்டு போனார்கள்.

"மாலையோட சந்தனப் பொட்டும் வைக்கலாமா? சின்ன லைட்டும் எரிய வேணும்."

பொட்டு வைக்கலாம். கண்ணாடியின் மேல்தான் பொட்டு இருக்கும், ஆகவே சட்டத்தின் சாய்வுக்கு ஏற்றபடி வட்டம் சற்று நசுங்கித் தெரிய வேண்டும். அம்மம்மாவின் படமென்றால் குங்குமம் வைப்பதா இல்லையா என்று வீட்டுப் பெரியவர்களிடமே கேளுங்கள், நான் முடிவெடுப்பதில்லை.

லைட் வேண்டாம் என்பேன். விளக்கு எரிந்தால் சட்டத்தின் அடியிலும் சுவரிலும் பூவின் கீழ்ப்பக்கத்திலும் அதன் சிவப்பு விழ வேண்டும். அதைச் செய்யாமல் பல்ப்பை மட்டும் வைத்தால் ஸ்டிக்கர்.

"படத்தை வட்ஸ்அப்பில அனுப்பினால் காணுமா?"

சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 4000 இல் 400 ஆக இருந்த சட்டம் அப்போது 160 பிக்சல். மல்லிகை மொட்டு நான்கு பிக்சல்தான், பூவா பஞ்சா என்று தெரியாது. படமாக அனுப்பாமல் `Document` ஆக அனுப்புங்கள், எடுத்த அளவிலேயே வந்து சேரும்.

அச்சடிக்க முதல் திரையில் 100 வீதத்தில் வைத்துச் சட்டத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். பிறகு படத்தைச் சிறிதாக்கி, விசயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, "இதில் என்ன மாறியிருக்கு?" என்று கேளுங்கள். அவர் நேரே சுவரைப் பார்த்தால் வெள்ளையை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். மாமாவின் தலையைப் பார்த்தால் மாஸ்க்கைத் திரும்பத் திறக்க வேண்டும்.